படுக்கையில் இருப்பவரின் கணக்கிலிருந்து பணம் எடுப்பது எப்படி? வங்கிக்காரர் பதில்கள்

(வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்)

அம்மாவுக்கு 78 வயது, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பென்ஷன் அரசு வங்கியில் விழுகிறது. கிளையில் கேட்டால் ஆளைக் கூட்டிட்டு வாங்க என்கிறார்கள். (மதுரை)

கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், வயது குறைவானாலும் மருத்துவச் சான்று உள்ள நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் வங்கியின் வீட்டுச் சேவை எண்ணுக்கு, கணக்கில் பதிவான கைபேசியிலிருந்து கூப்பிடுங்கள். பதிவானதும் ஒரு குறியீடு வரும். வருகிற ஏஜெண்டிடமும் அதே குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஓடிபி, பின் நம்பர் எதையும் வாயால் சொல்லாதீர்கள். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். 75 ரூபாய் என்றால் ஜிஎஸ்டி சேர்த்து 88 ரூபாய் 50 காசு ஆகும்.

ஏஜெண்ட் வந்தார், ஆனால் அப்பாவின் கைரேகை மெஷினில் விழவே இல்லை. எல்லா விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு 40,000 கட்ட வேண்டும். (ஈரோடு)

வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவது சகஜம். ஏடிஎம் கார்டு இருந்தால் அதே ஏஜெண்டின் கருவியில் கார்டைப் போட்டு எடுக்கலாம். ஆனால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 10,000 ரூபாய்தான் தருவார்கள், உங்களுக்கு அது நாலு தடவை.

அதனால் ஏஜெண்டை விட்டுவிட்டுக் கிளைக்குப் போங்கள். இது வேறு வழி, பலருக்கும் தெரியாது, சில மேனேஜர்களுக்கே தெரியாது. கையெழுத்துப் போட முடியாதவர் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ மை தொட்டுப் பெருவிரல் ரேகை வைக்கலாம், மெஷின் வேண்டாம். கை வராவிட்டால் கால்விரல் ரேகைகூடச் செல்லும். அதுவும் முடியாதவர் ஒரு குறி, சின்னக் கீறல் மாதிரி, போட்டால் போதும். இதற்கு வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. அதாவது அதிகாரி வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்தாக வேண்டும். பணத்தை வாங்கப்போவது நீங்கள் என்று அப்பா காட்டினால், உங்களையும் சாட்சிகள் அடையாளம் சொல்வார்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டு மொத்தமாக 40,000-ஐயும் வாங்கலாம்.

டாக்டர் சான்று, பாஸ்புக், உங்கள் ஆதார் நகல் இவற்றோடு மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "ஸ்டாஃப் இல்லை சார்" என்றுதான் பதில் வரும். எழுத்தில் வந்துவிட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பவர் எழுதி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? மாமனார் நினைவில்லாமல் இருக்கிறார், ஆனால் பவர் போன வருஷமே பதிவு செய்துவிட்டோம். (திருச்சி)

பாதி சரி. நினைவு தெளிவாக இருக்கும்வரை பவர் நல்ல வழிதான், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தும் பதிவு செய்வார். ஆனால் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்துவிட்டால் அந்தப் பவரும் செல்லாமல் போய்விடுகிறது, ஒப்பந்தச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. விஷயம் தெரிந்தால் வங்கி நிறுத்திவிடும்.

நினைவே இல்லாதவருக்கு நான் மேலே சொன்ன ரேகை வழியும் ஆகாது. அவர் விரலைப் பிடித்து நீங்கள் வைப்பது அவர் வைத்ததாகாது. அப்புறம் நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்குவதுதான். உயர் நீதிமன்றங்கள் கோமா நோயாளிகளுக்கு அப்படி உத்தரவு தந்திருக்கின்றன. அதுவரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வது? சில மேனேஜர்கள் ஆஸ்பத்திரி பெயருக்கே நேராகப் பணம் அனுப்ப இசைவார்கள், சிலர் மாட்டார்கள். இதற்குத் தெளிவான விதி கிடையாது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கிராமத்தில் ஏஜெண்ட் எல்லாம் வரமாட்டார். போஸ்ட்மேன்தான் பாட்டிக்கு லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் கொடுத்தார், 70 ரூபாய் வாங்கினார். லஞ்சமா? (தென்காசி)

லஞ்சம் இல்லை, அதுதான் அஞ்சல் வங்கியின் கட்டணம், ரசீது கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொரு தகவல் சொல்கிறேன்: வேறு வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் அதிலிருந்தும் போஸ்ட்மேன் பணம் எடுத்துத் தருவார். மத்திய அரசு ஓய்வூதியர் 80 வயதைத் தாண்டியிருந்தால் சான்றை அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். ரேகை விழாதவருக்கு முகத்தைப் படமெடுத்தும் சான்று எடுக்கலாம்.

கடிதம் கொடுத்தும் கிளையிலிருந்து யாரும் வரவில்லை. (மதுரை, முதல் கேள்வி கேட்டவர்)

அந்த சீல் போட்ட நகலை வைத்து வங்கியின் குறைதீர் பிரிவில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in-இல் குறைதீர்ப்பாளருக்குப் போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.