ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அம்மா, நூலில் பின்னிய பை, தொப்பி, சால்வை செய்து ஆன்லைனில் விற்கிறேன். படம் எல்லாம் என் போனில்தான். எவ்வளவு எடிட் செய்தாலும் நிறம் சரியாக வருவதில்லை, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. போன மாதம் ஒருவர், "படத்தில் நல்ல சிவப்பு, வந்தது மெரூன்" என்று சால்வையைத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு, இரவு 11 மணிக்கு மேல்தான் படம் எடுக்க உட்காருகிறேன். ஹாலில் பெரிய ஜன்னல் உண்டு. ஆனால் அங்கே கணவரின் மேஜை இருப்பதால் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. நல்ல கேமரா உள்ள போன் வாங்கலாமா, ரிங் லைட் போதுமா? – ஒரு வாசகி

பதில்: போனும் வேண்டாம், ரிங் லைட்டும் வேண்டாம். "மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். கேட்டேன், மறுத்துவிட்டார் என்று எழுதவில்லை. நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காமலேயே அவர் சார்பில் மறுப்பையும் நீங்களே சொல்லிக்கொண்டு, தூக்கத்தை விட்டுவிட்டு ட்யூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுக்குள் பணம் கொண்டுவரும் வேலைக்கு வீட்டில் ஓர் இடம் கொடுப்பது குடும்பத்தின் கடமை. அந்த இடத்தை வாய்விட்டுக் கேட்பது உங்கள் கடமை.

நிறம் ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். வீட்டில் எரியும் சாதாரண எல்ஈடி வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், பல விளக்குகளில் அடர் சிவப்புப் பகுதி குறைவாகத்தான் இருக்கும். மெரூன் நூல் திருப்பி அனுப்ப வேண்டியதே அந்தச் சிவப்பைத்தான். விளக்கிலேயே அது குறைவு என்றால் கேமராவுக்கு எங்கிருந்து வரும்? சால்வை மங்கிப்போய், பழுப்படித்தது போல் படத்தில் விழும். உடனே எடிட்டில் போய் நிறத்தைக் கூட்டுவீர்கள். போனில் இரவு நேரக் கண் பாதுகாப்பு மோட் ஓடிக்கொண்டிருந்தால் திரையே மஞ்சள் பூத்திருக்கும், அதைப் பார்த்து நீங்கள் செய்யும் திருத்தம் இன்னொரு பக்கம் இழுக்கும். கடைசியில் சால்வையில் இல்லாத ஒரு சிவப்பு படத்தில் வந்து உட்காருகிறது. வாங்கியவர் ஏமாந்தேன் என்று நினைத்ததில் தப்பே இல்லை. ரிங் லைட் வாங்கினாலும் அதுவும் எல்ஈடிதான். தரம் குறைந்தது என்றால் இதே கதை தொடரும். நேர் எதிரே இருந்து அடிப்பதால் பின்னலின் மேடு பள்ளமும் தட்டையாகிவிடும்.

பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. வாரத்தில் 2 நாள், நாளுக்கு 1 மணி நேரம் அந்த ஜன்னல் உங்களுக்கு வேண்டும். நேரடி வெயில் விழாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். நிறமுள்ள திரை கூடாது, அதன் சாயம் பொருள்மேல் ஏறும். முக்கியமாக, ஹால் விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் சால்வையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போகும், அதை எந்த எடிட்டும் சரிசெய்யாது.

படம் எடுக்கும் மேஜையை ஜன்னலிலிருந்து 2 அல்லது 3 அடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள். வெளிச்சம் பின்னல்மேல் சாய்வாக ஓடும்போதுதான் ஒவ்வொரு கண்ணியும் தனித்துத் தெரியும், உங்கள் கைவேலைக்கு அதுதான் சாட்சி. பளபளப்பில்லாத வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேஜைமேல் இறக்குங்கள். அப்படிச் செய்தால் பின்னணியில் கோடு தெரியாது. வெள்ளை நூலில் பின்னியதற்கு மட்டும் வெளிர் சாம்பல் தாள் வையுங்கள், வெள்ளைமேல் வெள்ளை வைத்தால் ஓரம் கரைந்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளிவைத்தால் இறுகும். நிழலை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், துணியின் கனமே அதில்தான் தெரிகிறது.

இனி போன். லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். ஃபிளாஷ், பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். வைட் லென்ஸ் வேண்டாம். வழக்கமான 1x-இல் வைத்து ஓர் எட்டு பின்னால் நில்லுங்கள். ரொம்பக் கிட்டே போனால் பையின் வயிறு முன்னால் தள்ளி, வடிவமே மாறிப்போகும். திரையில் பொருள்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணி பெரிதாக இருந்தால் கேமரா, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும், தாள் சாம்பலாகத் தெரியும். அப்போது பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். ஆனால் சிவப்பு, மெரூன், ராணி நிறங்களில் கை நிதானம் வேண்டும். கூட்டிக்கொண்டே போனால் கண்ணிகள் மறைந்து நிறம் ஒரே அப்பலாக நிற்கும். அது தெரிந்தவுடன் குறையுங்கள்.

படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதற்கு இன்னொரு காரணம், நீங்கள் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பது. போன் ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள், பொருள் உட்காரும் இடத்தில் மேஜையில் ஒட்டுங்கள். பைக்கு நேர் எதிரே, அதன் நடு உயரத்தில் போன் இருக்கட்டும். தொப்பிக்குள் தாளைத் திணித்துத் தலை வடிவம் கொடுத்து, கொஞ்சம் மேலே இருந்து சாய்வாக எடுங்கள். சால்வையை ஒரே அளவில் மடித்து நேர் மேலிருந்து எடுங்கள். பைக்கு ஒரு கோணம் என்றால் எல்லாப் பைக்கும் அதே கோணம், அதே தூரம். அப்புறம் எது பெரிது, எது சிறிது என்று வாங்குகிறவருக்குக் குழப்பம் வராது.

எடுத்த அன்றே, அதே ஜன்னலோரம், கண் பாதுகாப்பு மோடை அணைத்துவிட்டு, திரையையும் சால்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாள் வெள்ளையாக வரும் அளவுக்கு மட்டும் வைட் பேலன்ஸைத் திருத்துங்கள். நிறத்தைக் கூட்டும் பட்டனைத் தொடாதீர்கள். வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாமல் உங்களை நம்பிப் பணம் அனுப்புகிறார், படத்தில் அழகு கூட்டுவது அவரிடம் பொய் சொல்வதற்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்கள் போன் திரை எப்படிக் காட்டும் என்பது நம் கையில் இல்லை. அதனால் "அடர் மெரூன், சிவப்பு அல்ல" என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டையும் வேண்டாம். "இந்த 2 நாளும் இந்த 1 மணி நேரம் இந்த ஜன்னல் எனக்கு வேண்டும், உங்கள் மேஜையைத் தள்ளிப்போட ஒரு கை கொடுங்கள்" என்று நேரே கேளுங்கள். பிள்ளைகள் இருந்தால் வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள், அம்மா செய்வது வேலை என்று அவர்களுக்கும் தெரியட்டும். இரவில் எடுத்துப் போட்ட பழைய படங்கள் இன்னும் விற்பனைப் பக்கத்தில் இருக்குமே, புதுப் படம் வரும்வரை அவற்றை எடுத்துவிடுங்கள். சிவப்புக் குடும்பத்து நிறங்களிலிருந்து தொடங்குங்கள், அடுத்த புகார் அங்கிருந்துதான் வரும்.