தவறிய இணைப்பு விமானம்: காப்பீட்டுப் பணம் கேட்க எந்தக் காகிதம் வேண்டும்?

கேள்வி: முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதம். அதனால் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, ஒரு இரவு ஹோட்டலில் தங்கி, புது டிக்கெட் வாங்கிப் போனேன். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தேன். பயணக் காப்பீடு இருக்கிறது. பணம் கிடைக்குமா? எதையெல்லாம் கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் பாலிசியில் ‘பயணத் தாமதம்’, ‘இணைப்பு விமானம் தவறுதல்’ என்று இரண்டு தனித் தலைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, தவறான தலைப்பில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். தாமதத் தலைப்பில் இத்தனை மணி நேரம் கடந்தால்தான் பணம் என்று ஒரு வரம்பு இருக்கும். அது ஆறு மணி நேரம் என்றால் உங்கள் நாலு மணி நேரம் அதற்குள் வராது. ஆனால் இணைப்புத் தலைப்புக்கு வேறு வரம்பு இருக்கலாம். உங்கள் செலவு இந்த இரண்டாவது தலைப்பில்தான் சேரும்.

அடுத்தது, தனித்தனி டிக்கெட். ஒரே முன்பதிவாக இருந்தால், அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது. தனித்தனியாக வாங்கினால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் ‘வராத பயணி’, அவ்வளவுதான். சில பாலிசிகள் ஒரே முன்பதிவுக்கு மட்டும்தான் பணம் தரும். சில பாலிசிகள் தனி டிக்கெட்டையும் ஏற்கும், ஆனால் இரண்டு விமானங்களுக்கும் நடுவில் போதிய இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். முதல் விமானம் பிற்பகல் 2 மணிக்கு இறங்க வேண்டும், இரண்டாவது 5.30-க்குக் கிளம்புகிறது. பாலிசி கேட்பது மூன்று மணி நேர இடைவெளி, நீங்கள் விட்டது மூன்றரை. விமானம் இறங்கியதோ மாலை 6 மணிக்கு. இங்கே தவறு உங்களுடையது அல்ல என்பது நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதுவே நீங்கள் விட்டது ஒன்றரை மணி நேரம்தான் என்றால், தாமதம் எவ்வளவு என்று பார்க்காமலேயே நிராகரித்துவிடுவார்கள்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு, முதல் விமான நிறுவனம் தரும் தாமதச் சான்றிதழ். அதில் விமான எண், தேதி, அட்டவணை நேரம், உண்மையில் இறங்கிய நேரம், காரணம் ஐந்தும் இருக்க வேண்டும். காரணம்தான் முக்கியம். இயந்திரக் கோளாறு, மோசமான வானிலை போன்றவற்றைப் பெரும்பாலும் ஏற்பார்கள். பாலிசி வாங்கும் முன்பே அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம் என்றால் ஏற்க மாட்டார்கள். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விடாதீர்கள். என்ன காரணம் என்று குறிப்பிடச் சொல்லி மறுபடி எழுதுங்கள். போனுக்கு வந்த குறுஞ்செய்தி துணைச் சான்றாக உதவும், சான்றிதழுக்கு மாற்றாகாது.

இரண்டாவது நிறுவனத்திடமும் ஒரு கடிதம் வாங்குங்கள்: நீங்கள் பயணம் செய்யவில்லை, திருப்பித் தந்த தொகை இவ்வளவு, அல்லது எதுவுமில்லை என்று. பறக்காத டிக்கெட்டின் விமான நிலைய வரி சில நேரம் திரும்பக் கிடைக்கும். அது கிடைத்தால் காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். இந்தக் கடிதம் இல்லாமல் கோப்பு வாரக்கணக்கில் நகராமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அந்த டிக்கெட்டிலேயே திரும்பி வரும் பயணமும் இருந்தால் உடனே பேசுங்கள். முதல் பகுதியில் ஏறாதவருக்கு மீதியையும் ரத்து செய்வது விமான நிறுவனங்களின் வழக்கம்.

ஹோட்டலுக்கு, உங்கள் பெயரும் தேதியும் உள்ள விவரமான பில் வேண்டும். கார்டு தேய்த்த சீட்டு பில் ஆகாது. அந்தச் சீட்டுகள் வெப்பத் தாளில் அச்சாவதால் சில மாதங்களில் எழுத்தே மறைந்துவிடும், இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸும் அப்படித்தான், பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து காணாமல் போய்விடும். புது டிக்கெட்டை முன்பு வாங்கிய அதே வகுப்பில் எடுத்தீர்களா என்றும் பாருங்கள். உயர்ந்த வகுப்பு என்றால் வித்தியாசத்தை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சம்பவத்தை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். இன்றே மின்னஞ்சலில் தெரிவித்து, கோரிக்கை எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்ததும் அதே எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பலாம். மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விதி எண்ணோடு எனக்கு எழுதினால், மேல்முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.