மாதம் 900 ஆர்டர்களுக்கு எந்தக் கிடங்கு?

"சிங்கப்பூரில் மசாலாப் பொடிகளை இணையத்தில் விற்கிறேன், மாதம் 900 ஆர்டர்கள் வருகின்றன. விற்பனைத் தளத்தின் கிடங்கு, சொந்தக் கிடங்கு, சரக்கைச் சேமித்து அனுப்பித் தரும் வெளி நிறுவனம், எது சரி?"

ஷாப்பி, லசாடா, சொந்த இணையதளம் என மூன்றிலும் விற்பவர் சரக்கைத் தளவாரியாகப் பிரித்து வைத்தால், ஓரிடத்தில் தீர்ந்துபோன பொடி இன்னோரிடத்தில் காலாவதியை நெருங்கித் தேங்கிக் கிடக்கும். ஆகவே ஒரே தளத்தில் மட்டும் விற்பவருக்கே அத்தளத்தின் கிடங்கு பொருந்தும்.

சொந்தக் கிடங்கின் வாடகையும் ஓர் ஊழியரின் சம்பளமும் மாதம் 4,800 வெள்ளி என்றும், வெளி நிறுவனம் சேமிப்பு உட்பட ஆர்டருக்கு 3 வெள்ளி கேட்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 1,600 ஆர்டர்களில்தான் இரண்டும் சமமாகும். இப்போதைக்கு வெளி நிறுவனமே என் பரிந்துரை. குறைந்தபட்ச மாதக் கட்டணத்தையும், முதலில் காலாவதியாகும் பொட்டலமே முதலில் அனுப்பப்படும் என்ற உறுதியையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்; உணவுப் பொருளுக்குப் பின்னது மிக முக்கியம்.