டாலரில் சம்பாதித்தது ரூபாயில் வந்து சேரும்வரை: யூடியூப் வருமானம் பற்றிய கேள்விகள்

போன தடவை வருமான வரிக் கணக்கு பற்றி எழுதியதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் யூடியூப் சேனல் நடத்துகிறவர்களுடையவை. அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: யூடியூப் ஸ்டூடியோவில் வருமானம் 100 டாலரைத் தாண்டிவிட்டது. மாதம் முடிந்து ஒரு வாரமாகியும் வங்கியில் எதுவும் வரவில்லையே? (குரோம்பேட்டை வாசகர்)

ஸ்டூடியோவில் தெரிவது உத்தேசக் கணக்கு. ஒரு மாதத்தின் வருமானம் அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள்தான் இறுதியாகி, பணம் பட்டுவாடா செய்யும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறும். அங்கே இருப்பு 100 டாலரைத் தொட்டிருந்தால் அந்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். 98 டாலர் என்றால் அப்படியே அடுத்த மாதத்தோடு சேரும், எங்கும் போகாது.

இன்னொன்றையும் பாருங்கள். 10 டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரிக்கு ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அதை உள்ளிடாவிட்டால் 1,000 டாலர் சேர்ந்தாலும் பணம் நகராது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பிளாக், கதவு எண் இரண்டையும் முகவரியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். சாதாரணத் தபால்தான், செக்யூரிட்டி மேஜையில் கிடந்து காணாமல் போவது சகஜம்.

கேள்வி: என் சமையல் சேனலை அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பார்க்கிறார்கள். வருமானத்தில் கால்வாசியை வரி என்று பிடிக்கிறார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து சமைக்கிறேன், அமெரிக்காவுக்கு எதற்கு வரி? (வேளச்சேரி வாசகி)

கால்வாசி போகிறது என்றாலே உங்கள் கணக்கில் அமெரிக்க வரிப் படிவம் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் யூடியூப் வருமானத்தை அந்த நாட்டுச் சட்டம் ராயல்டியாக, அதாவது படைப்புக்கான உரிமைத் தொகையாகப் பார்க்கிறது. நீங்கள் எங்கே சமைத்தீர்கள் என்பது கேள்வியே இல்லை, எங்கே பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. 2021 ஜூன் முதல் கூகுள் இதைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு மாதத்தில் உங்களுக்கு 240 டாலர் வந்தது, அதில் 40 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் ஒருவர் படிவமே கொடுக்காவிட்டால் மொத்த 240 டாலரிலும் 24 சதவீதம், அதாவது 57 டாலர் 60 சென்ட் போகும். படிவம் கொடுத்து, ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோராமல் விட்டால், அந்த 40 டாலரில் மட்டும் 30 சதவீதம்: 12 டாலர். சலுகையையும் கோரினால் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவுப்படி 15 சதவீதம்: 6 டாலர்தான். அமெரிக்கா தவிர்த்த மீதி 200 டாலரில் ஒரு சென்ட்கூடப் பிடிக்கமாட்டார்கள்.

தனிநபருக்கான படிவத்தின் பெயர் W-8BEN. ஆட்சென்ஸில் பேமென்ட்ஸ் பகுதிக்குப் போய் `Manage settings` என்பதைத் திறந்தால் அமெரிக்க வரித் தகவல் என்ற இடம் இருக்கும். அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வெளிநாட்டு வரி எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள், அது இல்லாமல் சலுகை கிடைக்காது. பெயர் பான் கார்டில் இருப்பது போலவே இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் விரித்து என்று இருப்பதால் படிவம் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். அப்புறம், சலுகை கோரும் பக்கத்தில் வருமான வகைகள் தனித்தனியாக வரும். `Motion picture and TV`, `Other copyright` இரண்டுக்கும் 15 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். 2021இல் கொடுத்தவர்களுக்கு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. "போன வருஷம்வரை சரியாகத்தான் வந்தது" என்பவர்கள் முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளலாமா? (அதே வாசகி)

கழிக்கலாம், சில எல்லைகளோடு. முதலில், வருமானமாக நீங்கள் காட்ட வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய 240 டாலர். கைக்கு வந்த 234 டாலரைக் காட்டிவிட்டு 6 டாலரையும் கழித்தால் அது இரட்டைச் சலுகை, கேள்வி வரும். 2024-25 நிதியாண்டுக் கணக்கில் இந்தக் கழிவுக்கு வருமான வரித் தளத்தில் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். ஆதாரம், கூகுள் தரும் 1042-S படிவம். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நம் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் ஆட்சென்ஸின் மாதவாரி அறிக்கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு மாதம் மாதமாகப் பிரியுங்கள். பிடித்த வரியை ரூபாயாக்க, அது பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் டிடி பையிங் ரேட்டை, அதாவது வங்கி டாலரை வாங்கும் விலையை எடுக்க வேண்டும்.

ஒப்பந்தப்படி வர வேண்டிய வரிக்கு மேல் அங்கே பிடித்திருந்தால் அந்த அதிகப்படிக்கு இங்கே கழிவு கிடையாது. மேலே சொன்ன 12 டாலரில் 6 டாலர்தான் செல்லும். குறைந்த வருமானத்துக்கான 87ஏ தள்ளுபடியால் உங்களுக்கு இங்கே வரியே இல்லை என்றால் கழிக்க எதுவும் இல்லை, அந்தப் பணத்தை நம் அரசு திருப்பித் தராது.

கேள்வி: கூகுளில் பார்த்த டாலர் விலைக்கும் வங்கி போட்ட பணத்துக்கும் ஐநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எங்கே போனது? (அண்ணா நகர் வாசகர்)

கூகுள் காட்டுவது சந்தையின் நடு விலை. வங்கி உங்கள் டாலரை வாங்குவது தன்னுடைய டிடி பையிங் ரேட்டில். நடு விலை 85 ரூபாய், வங்கி கொடுப்பது 83.50 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 234 டாலருக்கு அதிலேயே 351 ரூபாய் குறைகிறது. ஸ்டேட்மென்ட்டில் இது தனி வரியாகத் தெரியாது, அதனால்தான் யாரும் இதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை. தெரிகிற 45 ரூபாய்க்குத்தான் கிளையில் சத்தம். அந்த 45 ரூபாய், நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி. மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, மதிப்பாக எடுத்து அதில் 18 சதவீதம் போடுகிறார்கள். 25,000 ரூபாய்வரை எவ்வளவு மாற்றினாலும் 45தான். இதோடு வெளிநாட்டு வரவுக் கட்டணம் 150 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 27 என்று ஒரு வங்கி எடுத்தால் மொத்தம் 573 ரூபாய் ஆயிற்று.

கேள்வி: அப்படியானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் மிச்சமா? (அதே வாசகர்)

ஆட்சென்ஸில் குறைந்தபட்ச வரம்பை நீங்களே 100 டாலருக்கு மேல் உயர்த்தி வைக்கலாம். மேலே உள்ள கணக்குப்படி 702 டாலரைச் சேர்த்து வாங்கினால் வரவுக் கட்டணத்தில் 354 ரூபாயும், ஜிஎஸ்டியில் 30 ரூபாய் அளவுக்கும் மிச்சம். விலை வித்தியாசத்தால் போகும் பெரிய தொகை மட்டும் அப்படியே இருக்கும், அது டாலர் எண்ணிக்கையைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், வரம்பை மாற்றுவதற்கு முன்னால் நாலு வங்கியில் டிடி பையிங் ரேட்டை விசாரிப்பதுதான் லாபம்.

கேள்வி: ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வேண்டாம். சேனல் வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளூர் கடைகளின் விளம்பரப் பணம், வாடகை எல்லாம் இந்த 20 லட்சத்தில் சேரும். பதிவு செய்தபின் வெளிநாட்டு வரவைச் சேவை ஏற்றுமதியாகக் காட்ட RFD-11 படிவத்தில் உறுதிமொழி கொடுத்தால் வரி கட்டாமல் இருக்கலாம். அதற்கு ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்று தேவைப்படும். அதை மாதாமாதம் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் கிளையில் யாருக்கும் நினைவிருக்காது.