நெருப்புக்கோழிக்கு மதிப்பெண் உண்டா?

"ஐயா, சரியா தவறா பகுதியில் 'பறவைகள் பறக்கும்' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'தவறு, நெருப்புக்கோழி பறக்காது' என்று எழுதிவிட்டாள். மதிப்பெண் தரலாமா? அடுத்த முறை 'பெரும்பாலான பறவைகள்' என்று மாற்றினால் போதுமா?" – ஓர் ஆசிரியை

மதிப்பெண் தந்துவிடுங்கள், குழப்பம் கேள்வியில் இருக்கிறது. ஆனால் அவள் மறுத்திருப்பது நீங்கள் எழுதாத ஒரு வாக்கியத்தை. நெருப்புக்கோழி பொய்யாக்குவது 'எல்லாப் பறவைகளும் பறக்கும்' என்பதைத்தான். உங்கள் வாக்கியம் பறவை என்ற இனத்தின் இயல்பைச் சொல்கிறது. விதிவிலக்குகள் இருந்தாலும் அது நிற்கும்.

சரி, அப்படியானால் 'பெரும்பாலான' என்பதுதான் அதன் மறைபொருளா? அதுவும் இல்லை. 'வாத்துகள் முட்டையிடும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். இப்போது ஒரு கூட்டத்தில் 100 வாத்துகள், அதில் பாதி ஆண் என்று வைத்துக்கொள்வோம். மீதி 50-இல் குஞ்சுகளைக் கழித்தால் முட்டையிடுபவை பாதி கூடத் தேறாது. 'பெரும்பாலான வாத்துகள் முட்டையிடும்' என்று திருத்தினால், சரியாக இருந்த வாக்கியம் பொய்யாகிவிடும்! இன்னொரு வேடிக்கை: முட்டையிடும் வாத்து ஒவ்வொன்றும் பெண்தான், அதனால் பெண் வாத்துகளின் எண்ணிக்கை இன்னும் கூடுதல். இருந்தும் 'வாத்துகள் பெண்கள்' என்றால் சிரிப்பார்கள். எனவே தலைகளை எண்ணி இந்த வாக்கியங்களைத் தீர்மானிக்க முடியாது. அந்த இனம் எப்படிப் பெருகுகிறது, எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும் பண்பாக இருந்தால், சிலவற்றிடம் மட்டும் இருந்தாலே ஏற்றுக்கொள்கிறோம்.

ஆபத்து என்றால் இன்னும் குறைவாக இருந்தாலே போதும். 'கொசு மலேரியாவைப் பரப்பும்' என்கிறோம். அனோபிலிஸ் வகையில், அதுவும் பெண் கொசு, அதுவும் கிருமி தொற்றியது மட்டுமே பரப்பும். கொசுக் கூட்டத்தில் அது சொற்பம். சிக்கலும் இங்கேதான்: கொஞ்சம் ஆதாரம் இருந்தாலே இத்தகைய வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் அதைக் கேட்பவர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார். மனிதக் கூட்டங்களைப் பற்றி 'அவர்கள் இப்படித்தான்' என்று பேசும்போது நடப்பதும் இதுவே.

அடுத்த வினாத்தாளுக்கு வருவோம். விதிவிலக்கு தெரியுமா என்று சோதிக்க வேண்டுமானால் 'எல்லாப் பறவைகளும் பறக்கும்' என்றே கேளுங்கள், விடை தவறு. எண்ணிக்கையைக் கேட்க நினைத்தால் 'பெரும்பாலான' போடுங்கள். பறவைகளைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கும். இயல்பைக் கேட்க வேண்டுமானால் சரி-தவறு வேண்டாம், 'பறவைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிச் செல்லும்?' என்பது போலக் கேட்கலாம்.

அப்புறம் ஒன்று. 'எல்லாப் பறவைகளும் பறக்காது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழில் அதை 'ஒன்றுமே பறக்காது' என்றும் படிக்கலாம், 'சில பறக்காது' என்றும் படிக்கலாம். 'பறக்காத பறவைகளும் உண்டு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.