புது மருமகளின் பெயரை ரேஷன் அட்டையில் சேர்ப்பது எப்படி?

“திருமணமாகி வந்த என் மனைவியின் பெயரை எங்கள் ரேஷன் அட்டையில் எப்படிச் சேர்ப்பது?”

முதலில் அவருடைய பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்குங்கள். ஒரே ஆதார் எண் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. பல விண்ணப்பங்கள் இதனால்தான் நிராகரிக்கப்படுகின்றன. அவருடைய பிறந்த வீட்டார் tnpds.gov.in தளத்தில் தங்கள் அட்டையில் பதிவான கைபேசி எண்ணைக் கொண்டு நுழைந்து, உறுப்பினர் நீக்கத்துக்குத் திருமணச் சான்றை இணைக்க வேண்டும். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லையென்றால் நுழைவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் வராது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளட்டும்.

நீக்கம் ஏற்கப்பட்ட பிறகே உங்கள் அட்டையில் சேர்க்க விண்ணப்பியுங்கள். அவருடைய ஆதாரும் திருமணச் சான்றும் பொதுவாகக் கேட்பார்கள்.

குழந்தையின் பெயரைச் சேர்க்கப் பிறப்புச் சான்றும் ஆதாரும் வேண்டும். இறந்தவர் பெயரை நீக்க இறப்புச் சான்று தேவை. இறந்தவர் குடும்பத் தலைவர் என்றால் தலைவர் மாற்றமும் செய்ய வேண்டும்.