எஃகுத் தகடு ஒட்டிய மரவிட்டத்தில் வளைவுத் தகைவு

"மாற்றிய வெட்டுமுக முறையில் எஃகின் தகைவு 3.25 மெகாபாஸ்கல்தான் வருகிறது. இவ்வளவு குறைவாகவா இருக்கும்?"

இருக்காது, கடைசிப் பெருக்கல் விடுபட்டிருக்கிறது. 100 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள மரவிட்டத்தின் அடியில், அதே அகலத்தில் 10 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டை ஒட்டி, கீழ்ப்புறம் இழுபடும்படி 10 கிலோநியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் கொடுத்ததாகக் கொள்வோம். எஃகு, மரம் ஆகியவற்றின் யங் குணகங்கள் முறையே 200, 10 கிகாபாஸ்கல் என்பதால் அவற்றின் விகிதம் n = 20. தகட்டை அதற்கு ஈடான மரமாக மாற்ற, தடிமனைத் தொடாமல் அதன் அகலத்தை மட்டும் n மடங்காக, அதாவது 2000 மி.மீ. ஆக்கினால், நடுநிலை அச்சு அடியிலிருந்து 57.5 மி.மீ. உயரத்தில் அமைகிறது; அந்த அச்சைப் பற்றிய வெட்டுமுகத்தின் இரண்டாம் திருப்புத்திறன் I = 177.1 × 10⁶ மி.மீ.⁴.

My/I தரும் 3.25, எஃகுக்குப் பதிலாக நாம் கற்பனை செய்த மரத்தின் அடி விளிம்பில் உள்ள தகைவு. ஒட்டு வழுக்காதவரை திரிபு ஒன்றே என்பதால், உண்மையான எஃகின் அடி விளிம்பில் அதன் 20 மடங்கு, அதாவது 65 மெகாபாஸ்கல் இருக்கும். மர உச்சியின் 8.6 மெகாபாஸ்கலைப் பெருக்கக் கூடாது.

சரிபார்க்க எளிய வழி, தகட்டின் இழுவிசையும் மரத்தின் நிகர அமுக்கவிசையும் சமமா என்று பார்ப்பது: இங்கே இரண்டும் 59.3 கிலோநியூட்டன், பெருக்க மறந்தால் தகட்டுக்கு 3 கிலோநியூட்டன்கூட வராது.